கணுக்கால் ஆபரேஷனுக்குப் பிறகு நீண்ட விமானப் பயணம்: ஏர்லைன்ஸுக்கு என்ன எழுத வேண்டும்?

"எனக்குக் கணுக்காலில் ஆபரேஷன் நடந்திருக்கிறது. வசதியான இருக்கையும் வீல்சேரும் ஏற்பாடு செய்து தரவும்." காலில் கட்டுடன் விமானம் ஏறப்போகிறவர்கள் பலர் ஏர்லைன்ஸுக்கு இந்த இரண்டு வரியைத்தான் அனுப்புகிறார்கள். இதைப் படிக்கும் ஊழியருக்கு உங்கள் மேல் இரக்கம் வரலாம். ஆனால் அவர் தன் கம்ப்யூட்டரில் எந்தக் குறியீட்டைப் பதிய வேண்டும் என்பது இந்த இரண்டு வரியிலிருந்து தெரியாது. எந்தக் கால்? படி ஏற முடியுமா? விமானத்துக்குள் நாலு அடி நடக்க முடியுமா? எதுவும் சொல்லப்படவில்லை. அவர் பொதுவான ஒரு குறியீட்டைப் போட்டு முடித்துவிடுவார். அதன் விளைவு பயண நாளன்று விமானத்தின் படிக்கட்டடியில் நிற்கும்போதுதான் தெரியவரும்.

ஏர்லைன்ஸுக்கு உங்கள் நோயின் பெயரைவிட முக்கியமானது, உங்களால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பது. ஒரு எடுத்துக்காட்டை வைத்து இதைப் பார்க்கலாம்.

சென்னையைச் சேர்ந்த 58 வயதுப் பெண் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். வழுக்கி விழுந்ததில் இடது கணுக்காலின் இரு பக்க எலும்பும் உடைந்து, பிளேட்டும் ஸ்க்ரூவும் வைத்து ஆபரேஷன் செய்திருக்கிறார்கள். முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு. ஆறு வாரத்துக்கு இடது காலைத் தரையில் ஊன்றவே கூடாது என்பது டாக்டரின் கட்டளை. நான்கு வாரம் முடிந்த நிலையில், தள்ளிப்போட முடியாத காரணத்தால் கணவருடன் நியூயார்க் போகிறார். சென்னையிலிருந்து வளைகுடா நகரம் ஒன்றுக்குச் சுமார் நான்கு மணி நேரம். அங்கே விமானம் மாறி, நியூயார்க்குக்கு இன்னும் சுமார் பதினான்கு மணி நேரம்.

மூன்று கேள்விகள், மூன்று குறியீடுகள்

வீல்சேர் கேட்பவர்களை விமான நிறுவனங்கள் உலகம் முழுவதும் மூன்று வகையாகப் பிரிக்கின்றன. டெர்மினலின் நீளத்தை நடந்து கடக்க முடியாது, ஆனால் படி ஏறலாம், விமானத்துக்குள் இருக்கை வரை நடக்கலாம் என்பவருக்கு WCHR. படியும் ஏற முடியாது, ஆனால் விமானத்துக்குள் தானாக நடந்து போய் உட்காரலாம் என்பவருக்கு WCHS. படியும் முடியாது, உள்ளே நடக்கவும் முடியாது, இருக்கை வரை கொண்டுபோய் உட்கார வைக்க வேண்டும் என்பவருக்கு WCHC.

வேறுபாடு கடைசி ஒற்றை எழுத்தில்தான் இருக்கிறது. ஆனால் அந்த ஓர் எழுத்தை நம்பித்தான் விமான நிலையத்தில் ஏற்பாடுகள் நடக்கின்றன. ஏரோபிரிட்ஜ் வழியாக விமானத்துக்குள் போவதாக இருந்தால் எந்த வகை என்பது பெரிதாகத் தெரியாது. வீல்சேர் விமானத்தின் வாசல் வரை போய்விடும். விமானம் டெர்மினலிலிருந்து தள்ளி நிற்கும்போது, பயணிகளைப் பஸ்ஸில் அழைத்துப் போய்ப் படிக்கட்டு வழியாக ஏற்றுவார்கள். WCHR என்று பதிவாகியிருந்தால், நீங்கள் படி ஏறக்கூடியவர் என்றுதான் தரைப் பணியாளர்கள் எடுத்துக்கொள்வார்கள். WCHS அல்லது WCHC என்று இருந்தால், வீல்சேரோடு பயணியை விமானத்தின் கதவு உயரத்துக்குத் தூக்கும் ஆம்புலிஃப்ட் வண்டியை முன்கூட்டியே ஏற்பாடு செய்வார்கள். WCHC என்றால் கூடுதலாக, இருக்கைகளுக்கு நடுவே உருண்டு போகும் குறுகலான நாற்காலி ஒன்றும் வாசலில் காத்திருக்கும்.

நம் எடுத்துக்காட்டுப் பெண் எந்த வகை? டெர்மினலை நடந்து கடக்க முடியாது. ஒற்றைக் காலில், ஊன்றுகோலோடு, செங்குத்தான விமானப் படிக்கட்டில் ஏறுவது ஆபத்து. எனவே WCHR கிடையாது. மீதி இருப்பது மூன்றாவது கேள்வி. விமானத்துக்குள் இருக்கைகளுக்கு நடுவே உள்ள வழி மிகக் குறுகல். இரண்டு ஊன்றுகோல்களை விரித்து ஊன்றி நடக்க அங்கே இடம் போதாது. வாக்கருக்கும் அதே கதிதான். இருக்கைகளின் முதுகைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் தத்தித்தான் போக வேண்டும்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். சாப்பாட்டு நாற்காலிகளைச் சுவரில் சாய்த்து வரிசையாகப் போட்டு, அவற்றின் முதுகைப் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் ஒருவர் நிற்க, நல்ல காலில் தத்திப் பாருங்கள். நாற்காலிகள் நகராமல் இன்னொருவர் பிடித்துக்கொள்வது நல்லது. பத்துப் பன்னிரண்டு தத்தல் தடுமாறாமல் வருகிறது என்றால் WCHS போதும். நான்கைந்திலேயே நல்ல கால் நடுங்கினால் WCHC கேளுங்கள். நம் எடுத்துக்காட்டில் அந்தப் பெண்ணுக்கு ஐந்துக்கு மேல் முடியவில்லை. எனவே அவர் கேட்க வேண்டியது WCHC.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். WCHC என்றதும், "இவர் தனியாகக் கழிப்பறைக்குப் போவாரா, தானாகச் சாப்பிடுவாரா?" என்ற கேள்வி விமான நிறுவனத்துக்கு வரும். கேபின் ஊழியர்கள் உங்களை விமானத்துக்குள் இருக்கும் சிறிய வீல்சேரில் கழிப்பறைக் கதவு வரை கொண்டுபோய் விடுவார்கள். உள்ளே வந்து உதவுவதும், தூக்குவதும், ஊசி போடுவதும் அவர்கள் வேலை அல்ல. அதனால் அந்த உதவி தேவைப்படுகிறவருடன் துணைக்கு ஒருவர் வர வேண்டும் என்று நிறுவனம் கேட்கலாம். நம் எடுத்துக்காட்டுப் பெண்ணால் ஒற்றைக் காலில் நிற்க முடியும், கைப்பிடியைப் பற்றி நாற்காலியிலிருந்து மாறி உட்கார முடியும். அதை அவர் கடிதத்தில் தெளிவாக எழுதிவிட்டால் அடுத்தடுத்த கேள்விகள் குறையும்.

எந்த ஐல் சீட்?

"ஐல் சீட் வேண்டும்" என்று மட்டும் கேட்டால், ஏதோ ஒரு நடைபாதை ஓர இருக்கை கிடைக்கும். அது உங்கள் காலுக்கு ஏற்றதாக இருக்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

நீண்ட தூரம் பறக்கும் பெரிய விமானங்கள் பலவற்றில் எகானமி வகுப்பில் ஒரு வரிசைக்குப் பத்து இருக்கைகள்: இடது பக்கம் A, B, C, நடுவில் D, E, F, G, வலது பக்கம் H, J, K. இவற்றில் C, D, G, H ஆகிய நான்கும் நடைபாதை ஓரம். C-யில் உட்கார்ந்தால் ஜன்னல் பக்கம் இருக்கும் இரண்டு பேரும் எழுந்து போகும் ஒவ்வொரு முறையும் உங்கள் கட்டுப்போட்ட காலைத் தாண்டித்தான் போக வேண்டும். H-லும் அப்படித்தான். நடுவில் இருக்கும் நான்கு இருக்கைகளில் நிலைமை வேறு. அங்கே இரண்டு பக்கமும் வழி உண்டு. உங்கள் பக்கத்து இருக்கையில் இருப்பவர் மட்டும்தான் உங்களைத் தாண்டிப் போவார். அவரும் உங்கள் கணவராகவோ மகனாகவோ இருந்துவிட்டால் உங்கள் கால் நிம்மதியாக இருக்கும்.

அடுத்தது இடதா, வலதா என்பது. D-யில் உட்கார்ந்தால் நடைபாதை உங்கள் இடது கைப் பக்கம். G-யில் உட்கார்ந்தால் வலது கைப் பக்கம். இடது கணுக்காலில் ஆபரேஷன் ஆனவர், காலைச் சற்று நீட்ட இடம் கிடைக்குமே என்று D-யைத் தேர்ந்தெடுக்கத் தோன்றும். ஆனால் நடைபாதையில் சாப்பாட்டு வண்டி போகும், இருட்டில் பயணிகள் நடப்பார்கள், பைகள் உரசும். புதிதாக ஸ்க்ரூ வைத்த கணுக்காலில் வண்டியின் இரும்பு விளிம்பு ஒருமுறை மோதினால் போதும், பயணம் முழுக்க வேதனைதான். முழங்காலை மடக்கவே முடியாதபடி தொடை வரை கட்டுப் போட்டவருக்குக் காலை நீட்ட வேறு வழியில்லை. அவருக்குக் கட்டுப்போட்ட கால் நடைபாதைப் பக்கம் வரும் இருக்கைதான் சரி. நம் எடுத்துக்காட்டுப் பெண்ணுக்கு முழங்கால் மடங்கும். எனவே அவர் G-யைக் கேட்டு, கணவரை F-ல் உட்கார வைத்தால், இடது கால் உள்பக்கம் பாதுகாப்பாக இருக்கும்; கணவரின் கால் வைக்கும் இடத்திலும் கொஞ்சம் நீட்டிக்கொள்ளலாம். விமானத்துக்கு விமானம் இருக்கை அமைப்பு மாறும் என்பதால், உங்கள் விமானத்தின் இருக்கை வரைபடத்தைப் பார்த்துவிட்டு எழுத்தைக் குறிப்பிடுங்கள்.

அவசர வழிக்குப் பக்கத்து இருக்கையில் இடம் அதிகம் என்று அதைக் கேட்காதீர்கள். ஆபத்தில் கதவைத் திறந்து உதவக்கூடியவர்கள்தான் அங்கே உட்காரலாம். கட்டுப்போட்டவரைச் செக்-இன் செய்யும்போதோ விமானத்துக்குள்ளோ கட்டாயம் மாற்றிவிடுவார்கள். தடுப்புச் சுவரை ஒட்டிய முதல் வரிசையிலும் கால் நீட்ட இடம் உண்டு. ஆனால் அங்கே சாப்பாட்டுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருப்பதால் கைப்பிடியைப் பெரும்பாலும் மேலே தூக்க முடியாது. குறுகலான நாற்காலியிலிருந்து பக்கவாட்டில் நகர்ந்து இருக்கைக்கு மாற வேண்டியவருக்கு அது இடைஞ்சல். கைப்பிடி மேலே தூக்கக்கூடிய ஐல் சீட்டா என்பதையும் கடிதத்திலேயே கேட்டுவிடலாம்.

அமெரிக்காவுக்குப் போகும், அங்கிருந்து புறப்படும் விமானங்களுக்கு அந்நாட்டுச் சட்டம் ஒரு பாதுகாப்பைத் தருகிறது. கால் அசையாதபடி கட்டப்பட்டவருக்கு, அவர் வாங்கிய அதே வகுப்பில், தடுப்புச் சுவர் வரிசையிலோ கால் நீட்ட அதிக இடம் உள்ள வேறு இருக்கையிலோ, அவருடைய காலுக்கு ஏற்ற பக்கத்தில் இடம் தர வேண்டும் என்கிறது அது. முழங்கால் மடங்குமா, மடங்காதா என்பதை நீங்கள் எழுதினால்தான் இந்த விதி உங்களுக்கு எப்படிப் பொருந்தும் என்று அவர்களால் முடிவுசெய்ய முடியும்.

டாக்டர் தர வேண்டியவை

அண்மையில் ஆபரேஷன் ஆனவரிடம் விமான நிறுவனங்கள் MEDIF என்ற மருத்துவப் படிவத்தைக் கேட்பது வழக்கம். அதில் ஒரு பகுதியைப் பயணியும், இன்னொரு பகுதியை டாக்டரும் நிரப்ப வேண்டும். நிறுவனத்தின் மருத்துவப் பிரிவு அதைப் பார்த்து அனுமதி தரும். அதற்குச் சில நாள்கள் ஆகும் என்பதால் படிவத்தைக் கடைசி நேரத்துக்கு வைத்துக்கொள்ளக் கூடாது.

டாக்டரிடம் கேட்க வேண்டிய முதல் விஷயம் கட்டு. பறக்கும்போது கால் வீங்கும், மாவுக்கட்டு விரியாது. அதனால்தான் புதிதாகக் கட்டுப் போட்டு 48 மணி நேரம் ஆகும் வரை நீண்ட பயணத்துக்குப் பல நிறுவனங்கள் அனுமதிப்பதில்லை. அதற்குள் போயே தீர வேண்டும் என்றால் கட்டை நீளவாக்கில் பிளந்துவிடச் சொல்வார்கள். நான்கு வாரப் பழைய கட்டு என்றாலும், பயணத்துக்கு முந்தின நாள் புதுக் கட்டு மாற்றினால் கணக்கு மறுபடி ஆரம்பிக்கிறது. இதை மறந்துவிட்டு, "ஊருக்குப் போகிறோமே, புதுசாகப் போட்டுக்கொள்வோம்" என்று கிளம்புகிற நாளில் கட்டு மாற்றாதீர்கள். விமானத்தில் விரல்கள் நீலம் பாரித்தாலோ, மரத்துப்போனாலோ, கட்டுக்குள் வலி ஏறிக்கொண்டே போனாலோ உடனே கேபின் ஊழியரிடம் சொல்லுங்கள்.

இரண்டாவது, ரத்தக்கட்டு. நான்கு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் கால் நரம்புகளில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரண்டு மடங்காகிறது என்று உலக சுகாதார அமைப்பின் ஆய்வு 2007-ல் சொன்னது. ஆரோக்கியமானவருக்கு அது அப்போதும் மிகக் குறைவான வாய்ப்புதான். ஆனால் எலும்பு முறிவு, ஆபரேஷன், அசைவில்லாத கட்டு மூன்றும் சேர்ந்தவருக்கு வாய்ப்பு ஏற்கெனவே அதிகம். ரத்தம் உறையாமல் இருக்க ஊசியோ மாத்திரையோ வேண்டுமா, எப்போது எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதை டாக்டரே முடிவுசெய்ய வேண்டும். ஊசி என்றால் அதைக் கைப்பையில் கொண்டுபோக மருந்துச் சீட்டும் தேவை. காலுக்குள் பிளேட் இருப்பதையும் சீட்டில் எழுதி வாங்கிக்கொண்டால் பாதுகாப்புச் சோதனையில் மெட்டல் டிடெக்டர் ஒலிக்கும்போது விளக்கம் சொல்ல எளிது.

கடிதம்

இனி, நம் எடுத்துக்காட்டுப் பெண் எழுத வேண்டிய கடிதம். ஆங்கிலத்தில்தான் அனுப்புவார், உள்ளடக்கம் இதுவாக இருக்கட்டும்.

> பொருள்: ஆபரேஷனுக்குப் பிந்தைய பயணம் – WCHC உதவியும் ஐல் சீட்டும் – பி.என்.ஆர். எண்
>
> நானும் என் கணவரும் நவம்பர் 18 அன்று சென்னையிலிருந்து நியூயார்க் செல்கிறோம். இரண்டு விமானங்களின் எண்களும் டிக்கெட்டில் உள்ளபடி எங்கள் பெயர்களும் கீழே உள்ளன.
>
> அக்டோபர் 20 அன்று என் இடது கணுக்கால் எலும்பு முறிவுக்கு ஆபரேஷன் நடந்தது. முழங்காலுக்குக் கீழே மாவுக்கட்டு உள்ளது. முழங்கால் மடங்கும். பயண நாளன்று இடது காலை ஊன்ற முடியாது.
>
> என்னால் டெர்மினலில் நடக்க முடியாது. படி ஏறவோ இறங்கவோ முடியாது. விமானத்துக்குள் இருக்கை வரை நடக்க முடியாது. நல்ல காலில் நிற்கவும், நாற்காலியிலிருந்து இருக்கைக்கு மாறவும், கழிப்பறையைத் தானாகப் பயன்படுத்தவும், தானாகச் சாப்பிடவும் முடியும்.
>
> எனவே வேண்டுவது: 1. சென்னையில் செக்-இன் முதல், விமானம் மாறும் ஊரிலும், நியூயார்க்கில் டெர்மினலுக்கு வெளியே வரும் வரையிலும் WCHC உதவி. விமானம் தள்ளி நின்றால் ஆம்புலிஃப்ட். 2. இரண்டு விமானங்களிலும் பயணத்தின்போது பயன்படுத்தும் வீல்சேர். 3. நடைபாதை என் வலது பக்கம் வரும், கைப்பிடி தூக்கக்கூடிய ஐல் சீட், கழிப்பறைக்குப் பக்கத்தில். எனக்கு உள்பக்கத்து இருக்கை என் கணவருக்கு. 4. இரண்டு ஊன்றுகோல்கள் என்னுடன் வரும்.
>
> MEDIF படிவம் தேவை என்றால் அனுப்பிவையுங்கள். இரண்டு விமானங்களுக்கும் இந்த உதவிகள் உறுதியானதை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறேன்.

ஊன்றுகோல்களுக்குக் கட்டணம் கிடையாது. விமானம் கிளம்பும்போதும் இறங்கும்போதும் அவற்றை மேலே வைத்துவிடுவார்கள். தேவைப்படும்போது கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.

இந்தக் கடிதத்தைப் பயணத்துக்கு 48 மணி நேரத்துக்கு முன்பாவது அனுப்புங்கள். இந்தியாவின் டி.ஜி.சி.ஏ. விதியும் ஐரோப்பிய விதியும் முன்னறிவிப்புக்குச் சொல்லும் நேரம் அதுதான். MEDIF தேவைப்படும் என்றால் இரண்டு வாரம் முன்பே அனுப்புவது நல்லது.

பதிவாகியிருக்கிறதா என்று எப்படித் தெரியும்?

அனுப்பியாகிவிட்டது என்று இருந்துவிடக் கூடாது. பெரும்பாலான சிக்கல்கள் இதற்குப் பிறகுதான் வருகின்றன. டிராவல் ஏஜென்ட் மூலம் டிக்கெட் எடுத்திருந்தால், அவர் முதல் விமானத்துக்கு மட்டும் பதிந்துவிட்டு இரண்டாவதை விட்டிருக்கலாம். இரண்டு விமானங்களும் வேறு வேறு நிறுவனத்தினுடையவை என்றால், ஒருவரிடம் சொன்னது மற்றவருக்குப் போய்ச் சேராமல் இருக்கலாம். ஒரு நிறுவனத்தின் பெயரில் டிக்கெட் வாங்கி, இன்னொரு நிறுவனம் விமானத்தை ஓட்டுவதும் உண்டு. அப்போது ஓட்டுகிற நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும்.

ஏஜென்டிடம் உங்கள் பதிவின் திரையை அச்செடுத்துத் தரச் சொல்லுங்கள். அதில் ஒவ்வொரு விமானத்துக்கும் தனித்தனியாக WCHC என்ற குறியீடு இருக்க வேண்டும். பக்கத்தில் HK என்று இருந்தால் உறுதி. NN என்றால் கேட்டிருக்கிறார்கள், பதில் வரவில்லை. UC என்றால் மறுத்துவிட்டார்கள். இரண்டு விமானத்துக்கும் HK வரும் வரை விடக் கூடாது. கிளம்புவதற்கு முந்தின நாள் இருக்கை எண்ணை மறுபடியும் பாருங்கள். விமானத்தின் வகையை மாற்றினால் இருக்கைகள் கலைந்து, G-யில் இருந்தவர் ஜன்னல் ஓரத்துக்குப் போயிருப்பார்.

விமானம் மாறும் ஊரில் மூன்று மணி நேரமாவது இடைவெளி இருக்கும்படி டிக்கெட் எடுங்கள். வீல்சேர் பயணிகளை முதலில் ஏற்றுவார்கள், ஆனால் கடைசியில்தான் இறக்குவார்கள். மற்றவர்கள் எல்லோரும் இறங்கி, நாற்காலி வந்து சேர்ந்த பிறகுதான் உங்கள் நேரம் ஆரம்பிக்கும்.

வீல்சேர் தாமதமானால் நடந்துபோகத் துணியாதீர்கள். 2024 பிப்ரவரியில், நியூயார்க்கிலிருந்து மும்பை வந்திறங்கிய 80 வயதுப் பயணி ஒருவர், மனைவிக்கு மட்டும் வீல்சேர் கிடைக்க, தனக்கு இன்னொன்று வரும் வரை காத்திராமல் கூடவே நடந்தார். குடியேற்றச் சோதனைப் பகுதியில் சரிந்து விழுந்து இறந்தார். அந்த விமான நிறுவனத்துக்கு டி.ஜி.சி.ஏ. 30 லட்சம் ரூபாய் அபராதம் விதித்தது. வீல்சேர் தருவது விமான நிறுவனத்தின் கடமை, அதற்குத் தனிக் கட்டணம் இல்லை. ஆகவே இருக்கையிலேயே உட்கார்ந்திருங்கள். கேபின் ஊழியரிடம் உங்கள் WCHC பதிவைக் காட்டிக் கேளுங்கள். நாற்காலி வந்த பிறகு எழுந்தால் போதும்.